பதினான்காவது தவணை எங்கே போனது?

சென்னையில் ஒரு கால் டாக்ஸி ஓட்டுநர். கார் வாங்க ஒரு நிதி நிறுவனத்தில் 5 லட்சம் ரூபாய் கடன் வாங்கியிருக்கிறார்: 12 சதவீத வட்டி, 48 மாதம், மாதத் தவணை 13,167 ரூபாய். ஆளும் நிறுவனமும் கதைக்காக வைத்துக்கொண்டவை. கணக்கும் விதிகளும் நிஜம்.

முதல் தவணை 2023 ஜூன் 5. ஆறு மாதமாக அவருக்கு ஒரே மாதிரி போன் வருகிறது: "அண்ணே, ஒரு டியூ பெண்டிங் இருக்கு." அவர் ஒவ்வொரு மாதமும் கட்டித்தான் வருகிறார். 2025 ஜனவரியில் வந்த போனில் கேட்ட தொகை 15,337 ரூபாய்.

வீட்டில் அவர் முதலில் எடுத்துப் பார்த்தது, கடன் கொடுத்த அன்று தந்த தவணை அட்டவணையை. அதில் ஒன்றும் புலப்படவில்லை, புலப்படவும் செய்யாது. எந்தத் தேதியில் எவ்வளவு கட்ட வேண்டும், அதில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று முன்கூட்டியே போட்ட கணக்கு அது. பதினான்காவது வரிசையில் வட்டி 3,872, அசல் 9,295 என்று இருக்கும். அந்தப் பணம் வந்ததா என்று இருக்காது. வந்த பணம் பதிவாவது இன்னொரு தாளில். அதற்குப் பெயர் கடன் கணக்கு ஸ்டேட்மென்ட். கிளையில் கேட்டு அதை வாங்கினார்.

சவாரிக்கு நடுவே, ஸ்டேட்மென்டையும் வங்கி பாஸ்புக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக டிக் அடித்தார். தவணை விழுந்தது இருபது. வரவும் இருபதுதான். அப்படியென்றால் பாக்கி எங்கிருந்து வந்தது? 2024 ஜூலையில்தான் விஷயம் இருந்தது. ஜூலை 5 அன்று 13,167 வரவு. மறுநாள் அதே தொகை திரும்பக் கழிக்கப்பட்டிருந்தது. கீழே பவுன்ஸ் கட்டணம் 590.

அந்த மாதம் வங்கியில் பணம் குறைவாக இருந்ததால் தானாகப் பிடிக்கும் தவணை திரும்பிவிட்டது. அது அவருக்கும் நினைவிருந்தது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 7 அன்று, நிறுவனத்தின் கணக்குக்கே யு.பி.ஐ.யில் பணம் அனுப்பியிருந்தார். பாஸ்புக்கில் அந்த வரி இருக்கிறது. ஸ்டேட்மென்டில் இல்லை. கடன் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியதால், யாருடைய பணம் என்று தெரியாத வரவுகளைப் போட்டுவைக்கும் சஸ்பென்ஸ் கணக்கில் அது கிடந்தது.

ஒரு வரவு காணாமல் போனால் அந்த ஒரு மாதத்தோடு சேதம் நிற்பதில்லை. வரும் பணத்தைப் பழைய பாக்கிக்கே முதலில் வரவு வைப்பது பல நிறுவனங்களின் வழக்கம். ஆகஸ்ட் தவணை ஜூலைக்குப் போகும், செப்டம்பர் தவணை ஆகஸ்டுக்குப் போகும். ஒழுங்காகக் கட்டுகிறவர் எப்போதும் ஒரு மாதம் பின்தங்கியவராகவே தெரிவார். அதற்குமேல் நிஜமாகவே இரண்டு மாதம் தவறினால், 90 நாளைத் தாண்டி வாராக்கடன் பட்டியலுக்கே கணக்கு போய்விடும். ஒரு ஓட்டுநரின் வண்டியே அதில் அடங்கியிருக்கிறது.

15,337 என்பது தவணை 13,167, பவுன்ஸ் 590, அபராதம் 1,580. ஆண்டுக்கு 24 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்ததால் மாதம் 263 வீதம் ஆறு மாத அபராதம் அது. அபராதத்தை அசலோடு சேர்த்து அதன்மேல் வட்டி போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2023-ல் சொல்லிவிட்டது. இங்கே அந்தத் தவறு நடக்கவில்லை. அவர் நியாயமாகத் தர வேண்டியது பவுன்ஸ் கட்டணமும் இரண்டு நாள் தாமதத்துக்கான 17 ரூபாயும்தான். மொத்தம் 607.

கிளையில் யு.பி.ஐ. எண்ணைக் காட்டியதும் பணத்தைத் தேடி எடுத்து, அன்றைய தேதியில் வரவு வைத்தார்கள். "சரியாயிடுச்சு அண்ணே" என்றார் ஊழியர். ஆனால் புதிய ஸ்டேட்மென்டில் 1,580 அப்படியே நின்றது. ஜனவரியில் வந்த பணமாகப் பதிந்தால் ஆறு மாதத் தாமதமும் உண்மையாகிவிடும். சிபில் அறிக்கையிலும் அந்தக் கறை தங்கிவிடும்.

"சார், பணம் உங்க கையில வந்த தேதி ஜூலை 7. அந்தத் தேதியிலேயே வரவு வையுங்க" என்று எழுதிக் கொடுத்தார். அபராதத்தைத் திருப்ப வேண்டும், சிபிலுக்குத் திருத்தம் அனுப்ப வேண்டும் என்றும் சேர்த்தார். பாஸ்புக் பக்கத்தின் நகலை இணைத்து, மனுவின் பிரதியில் கிளை முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டார். அந்தத் தேதிதான் முக்கியம். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம். சிபில் திருத்தமும் 30 நாளைத் தாண்டினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம்.

மூன்றாவது வாரத்தில் வந்த ஸ்டேட்மென்டில் 2024 ஜூலை 7 தேதியில் 13,167 வரவு இருந்தது. பாக்கி 607 ரூபாயை அவர் அன்றே யு.பி.ஐ.யில் கட்டினார், இம்முறை கடன் எண்ணை இரண்டு தடவை சரிபார்த்து.