ஒரே 31 டிகிரி, இரண்டு தீர்ப்பு

சென்னையில் ஒரு கல்லூரி வகுப்பறை. ஏப்ரல் மாதப் பிற்பகல். சன்னல்கள் திறந்திருக்கின்றன, மின்விசிறி ஓடுகிறது, உள்ளே 31 டிகிரி. இங்கே உட்கார்ந்து பாடம் கேட்பவர்களுக்கு இந்த வெப்பம் ஏற்றுக்கொள்ளக் கூடியதுதானா? இந்தியாவுக்கென்று உருவாக்கப்பட்ட கணக்கு முறையிடம் கேட்டால், சுவரில் ஏசி இல்லாத அறைக்கு 'ஆம்' என்கிறது. அதே சுவரில் ஏசி மாட்டியிருந்தால், அது ஓடாமல் அணைந்தே கிடந்தாலும், அதே 31 டிகிரிக்கு 'இல்லை' என்கிறது.

கட்டடக்கலையும் பொறியியலும் படிப்பவர்கள் இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு எடுக்கும் தலைப்புகளில் ஒன்று இது: இயற்கைக் காற்றோட்ட வகுப்பறை, கலப்புமுறை வகுப்பறை, இரண்டில் எது இதமாக இருக்கும் என்று கணினி சிமுலேஷனில் முன்கூட்டியே கணித்து ஒப்பிடுவது. முதலாவதில் சன்னலும் மின்விசிறியும் மட்டும். இரண்டாவதில் அவை போதும்வரை அவையே, போதாதபோது சன்னலை மூடிவிட்டு ஏசி. தலைப்பு எளிதாகத் தெரிகிறது. ஆனால் முன்மொழிவில் சில விஷயங்களைத் தீர்மானிக்காமல் விட்டால், நான்கு மாத உழைப்புக்குப் பிறகு கிடைக்கும் வரைபடம் அறையைப் பற்றி எதுவுமே சொல்லாது. அந்த 31 டிகிரிப் புதிர் அவற்றில் முதலாவது.

இதத்தை எண்ணால் அளக்கும் வழியைப் பரவலாக்கியவர் டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர். 1970-இல் வந்த அவருடைய நூல், காற்றின் வெப்பம், சுற்றியுள்ள பரப்புகள் வீசும் வெப்பம், காற்றின் வேகம், ஈரப்பதம், உடுத்தும் உடை, உடலின் உழைப்பு ஆகிய ஆறையும் சேர்த்து, ஒரு கூட்டம் சராசரியாக எப்படி உணரும் என்பதை மைனஸ் 3 முதல் பிளஸ் 3 வரையுள்ள அளவுகோலில் சொன்னது. கட்டுப்படுத்தப்பட்ட அறைகளில் ஆட்களை உட்காரவைத்துச் செய்த சோதனைகளிலிருந்து பிறந்த கணக்கு அது. சன்னல் திறந்த கட்டடங்களில், அதுவும் வெப்ப நாடுகளில், மக்களை நேரடியாகக் கேட்டபோது வேறு பதில் வந்தது. கணக்கு 'புழுக்கம்' என்ற இடத்தில் பலர் 'பரவாயில்லை' என்றார்கள். வெளியே எந்த வெப்பத்துக்குப் பழகியிருக்கிறோம் என்பதைப் பொறுத்து உள்ளே நாம் ஏற்கும் வெப்பமும் மாறுகிறது.

அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கருத்தை இந்தியாவில் சோதித்தார்கள். சென்னை உட்பட ஐந்து நகரங்களின் அலுவலகக் கட்டடங்களில் பணியாளர்களிடம் கேட்டு அவர்கள் உருவாக்கிய முறை, 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித் தொகுப்பிலும் இடம்பிடித்தது. கணக்கு எளிதுதான். கடந்த 30 நாள் வெளி வெப்பத்தின் சராசரியை எடுத்துக்கொள்ள வேண்டும். அது 30 டிகிரி என்று வைப்போம். இயற்கைக் காற்றோட்டக் கட்டடத்துக்கு அதை 0.54-ஆல் பெருக்கி 12.83 கூட்டினால் 29.03. பத்தில் ஒன்பது பேர் ஏற்கும் எல்லை இதிலிருந்து 2.38 டிகிரி மேலும் கீழும், ஆகவே மேல் எல்லை 31.4. கலப்புமுறைக் கட்டடத்துக்கு 0.28-ஆல் பெருக்கி 17.87 கூட்டினால் 26.27. அனுமதி 3.46 டிகிரி, மேல் எல்லை 29.7. நம் 31 டிகிரி அறை முதல் எல்லைக்குள் அடங்குகிறது, இரண்டாவதைத் தாண்டுகிறது.

இதில் பிழை எதுவும் இல்லை. ஏசி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பொறுமை குறையும் என்பதை ஆய்வு உண்மையாகவே பதிவுசெய்திருக்கிறது. சிக்கல் ஒப்பிடும்போதுதான் வருகிறது. ஒவ்வொரு அறையையும் அதனதன் அளவுகோலால் மட்டும் அளந்தால், முடிவில் தெரியும் வேறுபாட்டில் எவ்வளவு அறையால் வந்தது, எவ்வளவு அளவுகோலால் வந்தது என்று பிரிக்கவே முடியாது. எனவே முன்மொழிவிலேயே இரண்டு கணக்கும் கேட்கப்பட வேண்டும் என்பேன். அவரவர் அளவுகோலில் ஒரு முறை, இரண்டு அறைக்கும் பொதுவான ஃபாங்கர் அளவுகோலில், மின்விசிறிக் காற்றின் குளிர்ச்சியையும் சேர்த்து, இன்னொரு முறை. இரண்டிலும் ஒரே அறை முந்தினால் முடிவை நம்பலாம். மாறி மாறி வந்தால், அந்த மாற்றத்தையே கண்டுபிடிப்பாக எழுதலாம்.

இந்த இந்திய முறைக்கும் எல்லை உண்டு. இயற்கைக் காற்றோட்டச் சூத்திரம் 30 நாள் சராசரி 31 டிகிரி வரைதான் செல்லும். சென்னையில் மே மாதம் அந்தச் சராசரியே 31-ஐத் தாண்டிவிடும். மிகக் கொடுமையான வாரங்களில் சூத்திரம் கைவிட்டுவிடுகிறது. அந்த நாட்களை ஓசையில்லாமல் கணக்கில் சேர்ப்பதும் தவறு, நீக்குவதும் தவறு. தனியே காட்ட வேண்டும். கூடவே, இந்த எண்கள் அலுவலகப் பணியாளர்களிடமிருந்து வந்தவை. அவர்கள் எழுந்து மின்விசிறியைக் கூட்டலாம், இடம் மாறி உட்காரலாம். மூன்றாம் வரிசையில் நடுவில் மாட்டிக்கொண்ட மாணவிக்கு அந்தச் சுதந்திரம் இல்லை.

இரண்டாவது பொறி ஏசியை மென்பொருளில் எப்படி வைக்கிறோம் என்பதில் இருக்கிறது. இந்த வேலைக்கு மாணவர்கள் பெரும்பாலும் அமெரிக்க எரிசக்தித் துறையின் இலவச மென்பொருளான எனர்ஜிபிளஸைப் பயன்படுத்துகிறார்கள். அதில் 'ஐடியல் லோட்ஸ்' என்றொரு வசதி உண்டு. 24 டிகிரி வேண்டும் என்று எழுதினால், எவ்வளவு குளிர்ச்சி தேவையோ அவ்வளவையும் அது கொடுத்துவிடும். கட்டட வடிவமைப்பின் தொடக்கத்தில் பயனுள்ள வசதிதான். ஆனால் இதை வைத்துக்கொண்டு 'கலப்புமுறை அறையில் நூறு சதவீத நேரமும் இதம்' என்று முடிவு எழுதினால், நாம் கொடுத்த 24-ஐ நாமே திரும்ப வாங்கிக்கொண்டோம் என்றுதான் பொருள்.

உண்மையான ஏசியைப் போட்டுப் பார்க்கலாம். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3.3 மீட்டர் உயரம் கொண்ட அறை, 60 மாணவர்கள். அமர்ந்திருக்கும் ஒருவர் உடலிலிருந்து ஏறக்குறைய 100 வாட் வெப்பம் வெளியேறுகிறது. மாணவர்களால் மட்டுமே 6 கிலோவாட். இரண்டு 1.5 டன் ஏசிகள் சேர்ந்து தருவது சுமார் 10.5 கிலோவாட். மீதமுள்ள நாலரை கிலோவாட்டில் கூரையும் வெயிலும் உள்ளே வரும் வெளிக்காற்றும் சமாளிக்கப்பட வேண்டும். மேல்மாடி அறையென்றால் மாலை மூன்று மணிக்கு ஏசி தோற்கத் தொடங்குவதை மாதிரி காட்டக்கூடும். அப்படிக் காட்டுவதுதான் பயனுள்ள மாதிரி.

அதனால் கேள்வியையே மாற்றி எழுத வேண்டும். ஏசி குளிர்விக்குமா என்பது தெரிந்த விஷயம். காலை 9 முதல் மாலை 4 வரையுள்ள கல்லூரி நேரத்தில், சன்னலும் மின்விசிறியும் எத்தனை மணி நேரத்தைத் தாங்கும், அதற்குமேல் ஏசியை எந்த டிகிரியில் இயக்கினால் எவ்வளவு மின்சாரத்துக்கு எத்தனை மணி நேர இதம் கூடுதலாகக் கிடைக்கும் என்பதுதான் தெரியாத விஷயம். 24-இல் மின்விசிறி இல்லாமல் ஓட்டுவதையும், 27-இல் மின்விசிறியோடு ஓட்டுவதையும் அருகருகே வைத்தால்தான் கலப்புமுறையின் அருமை தெரியும். அமெரிக்க ஆஷ்ரே 55 தரநிலை, இயற்கைக் காற்றோட்ட அறைகளில் காற்றின் வேகம் விநாடிக்கு 0.9 மீட்டரானால் மேல் எல்லையை 1.8 டிகிரி உயர்த்திக்கொள்ள அனுமதிக்கிறது. ஒரு சாதாரண மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தாலே இந்த வேகத்தை நெருங்கலாம்.

ஆனால் கூரையில் மின்விசிறி சுழல்கிறது என்பது எனர்ஜிபிளஸுக்குத் தானாகத் தெரியாது. மனிதர்கள்மேல் படும் காற்றின் வேகத்தை நாம்தான் எண்ணாகக் கொடுக்க வேண்டும். எங்கிருந்தோ எடுத்த மாதிரிக் கோப்பில் ஏசி அறைக்கான மிகக் குறைந்த வேகம் எழுதப்பட்டிருக்கும். அதை அப்படியே விட்டால், சன்னல் அறை மின்விசிறி இல்லாத அறையாகவே மதிப்பிடப்பட்டுத் தோற்றுப்போகும். இந்தத் துறையில் நான் மிகவும் அஞ்சும் தவறு இதுதான். எந்த எச்சரிக்கைச் செய்தியும் வராது, வரைபடமும் அழகாகவே இருக்கும்.

வானிலைக் கோப்பும் அப்படித்தான். சென்னைக்கென்று கிடைக்கும் கோப்பில் உள்ள காற்று பொதுவாக மீனம்பாக்கம் விமான நிலையத்தின் திறந்தவெளியில் அளந்தது. கல்லூரியோ மரங்களுக்கும் கட்டடங்களுக்கும் நடுவே இருக்கும். விமான நிலையக் காற்றை அப்படியே சன்னல் வழியே விட்டால், அறைக்குள் யாரும் உணராத தென்றல் கணினியில் வீசும். கோடையில் சென்னையைக் காப்பாற்றும் கடற்காற்று கரையோரத்தை முதலில் தொட்டு, பிறகுதான் உள்ளே வருகிறது. அது தாமதிக்கும் நாளில் வெப்பம் ஏறிவிடும். கல்லூரி கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்பது அதனால் முன்மொழிவில் எழுதப்பட வேண்டிய தகவல்.

இதத்தை மட்டும் அளக்கும் ஒப்பீட்டில் கண்ணுக்குத் தப்புவது மூச்சுக்காற்று. பள்ளி கல்லூரிகளில் மாட்டும் ஸ்பிளிட் ஏசிகள் பெரும்பாலும் உள்ளே இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கின்றன. நம் அறையின் கொள்ளளவு சுமார் 208 கன மீட்டர். 60 பேர் அமைதியாக அமர்ந்திருந்தாலும் விநாடிக்கு ஏறக்குறைய 0.3 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடுகிறார்கள். சன்னலும் கதவும் மூடிக் கசிவே இல்லையென்றால், கால் மணி நேரத்தில் பத்து லட்சத்தில் 1300 பங்கு கூடிவிடும். வெளிக்காற்றில் இருப்பதோ 420 பங்கைச் சற்றே தாண்டிய அளவு. உண்மை அறையில் கதவிடுக்கு வழியே கொஞ்சம் கசியும், ஏற்றம் மெதுவாகும், ஆனால் திசை இதுதான். சன்னலைத் திறந்தால் கடலோரக் காற்றின் ஈரத்தை உலர்த்துவதிலேயே ஏசியின் திறனில் பெரும்பங்கு போய்விடும். ஆகவே வெப்பத்துக்குப் பக்கத்தில் காற்றுமாற்றத்துக்கும் ஒரு பத்தி வேண்டும். இல்லாவிட்டால் கலப்புமுறை அறை தகுதிக்கு மீறிய மதிப்பெண் வாங்கும்.

இவ்வளவும் கணிப்பு. கணிப்பை நம்பலாமா என்பதற்கு ஒரே வழி, உண்மையான வகுப்பறையில் சில வாரம் அளந்து, அந்த நாட்களின் வானிலையைக் கொடுத்து மாதிரியை ஓட்டிப் பார்ப்பது. வெப்பத்தைப் பதியும் சிறு லாகர்களோடு, கறுப்பு உருண்டைக்குள் வைத்த வெப்பமானி ஒன்றும் வேண்டும். சுவரும் கூரையும் வீசும் சூடு அதில்தான் தெரியும். காற்று 32 டிகிரி, சுற்றுப் பரப்புகள் சராசரியாக 36 டிகிரி என்றால் உடலுக்கு அது 34 டிகிரி அறை. மாதிரியின் கோடும் அளவீட்டின் கோடும் ஒரு டிகிரிக்குள் ஒட்டி நடந்தால் போதும். சராசரி பொருந்தி உச்சம் பொருந்தாவிட்டால் ஐயப்பட வேண்டும். கான்கிரீட் கூரையின் உட்புறம் வெளியே உச்சி வெயில் அடிக்கும் நேரத்திலேயே உச்சத்தைத் தொட்டால், கூரையின் தடிமனோ அடுக்குகளோ தவறாக எழுதப்பட்டிருக்கின்றன. உண்மைக் கூரை சில மணி நேரம் பிந்தித்தான் சூட்டை உள்ளே இறக்கும்.

அளக்கும் அதே நேரத்தில் ஒரு துண்டுச் சீட்டும் சுற்ற வேண்டும்: 'இப்போது எப்படி உணர்கிறீர்கள்?' என்ற ஒரே கேள்வி, கடுங்குளிர் முதல் கடும்வெப்பம் வரை ஏழு கட்டங்கள். மேலே சொன்ன எல்லைகளில் எது வகுப்பறைக்குப் பொருந்துகிறது என்பதை அந்தச் சீட்டுகள் சொல்லும். இதற்கு நாட்காட்டிதான் இடைஞ்சல். ப்ராஜெக்ட் டிசம்பர் வாக்கில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது, மே மாதம் விடுமுறை. வெப்பம் உச்சத்துக்கு ஏறும் வாரமும் அறிக்கை அச்சுக்குப் போகும் வாரமும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. எனவே முன்மொழிவு ஒப்புதலுக்குக் காத்திராமல், புழுக்கம் இன்னும் தணியாத செப்டம்பரிலேயே லாகர்களை மாட்டிச் சீட்டுகளையும் சேகரித்துவிட வேண்டும். மார்ச், ஏப்ரல் அளவீடு அதற்குப் பிறகு மாதிரியைச் சோதிக்கப் பயன்படும்.