'முன்னும் பின்னும்' படங்கள்: வேலையை உள்ளபடி காட்டுவது எப்படி?

கங்கைகொண்ட சோழபுரம், மீன்சுருட்டி, ஜெயங்கொண்டம் பகுதிக் கடைவீதிகளில் இப்போது பரவலாகக் காணப்படுவது 'வேலைக்கு முன் - வேலைக்குப் பின்' விளம்பரம். பெயிண்ட் கடை, வீடு புதுப்பிக்கும் ஒப்பந்தக்காரர், அழகு நிலையம் என எல்லோருமே இரண்டு படங்களை அருகருகே வைத்து பிளக்ஸ் போர்டு அடிக்கிறார்கள். வாட்ஸ்அப் நிலையிலும் அதையே வைக்கிறார்கள். இரண்டு படத்தையும் பார்த்துத்தான் வாடிக்கையாளர் பணம் தருகிறார். நம்மில் மளிகைக்கடை வைத்திருப்பவர்களும் குடோன் சுவரை யாரிடம் கொடுப்பது என்பதை அந்தப் படங்களைப் பார்த்தே முடிவு செய்கிறோம். ஆகவே இதை எழுதுபவரும் நாமே, நம்புபவரும் நாமே.

இரண்டு படங்களுக்கும் இடையே செய்த வேலை ஒன்று மட்டுமே வேறுபட வேண்டும். வெளிச்சம், தூரம், கோணம், பருவம் ஆகியவையும் கூடவே மாறிவிட்டால், எது வேலையின் பலன், எது படத்தின் ஜாலம் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். மளிகைக்கடை ஒன்றின் குடோனில் 30 அடி நீளம், 10 அடி உயரமுள்ள சுவர். தரையிலிருந்து நான்கடி வரை ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பூச்சு பொரிந்து கிடக்கிறது. சுவரை ஒட்டி அடுக்கிய மூட்டைகளின் அடிப்பாகத்தில் ஈரம் தட்டுகிறது. சித்திரையில் வேலை தொடங்கி, வைகாசியில் முடிகிறது. வேலை செய்தவர் இப்படி விளம்பரம் எழுதுகிறார்:

"பாழடைந்த குடோன் ஒரே வாரத்தில் புத்தம் புதிது! இனி ஓதம் என்ற பேச்சுக்கே இடமில்லை! வெறும் 6,000 ரூபாயில்!"

முன் படம் மாலை நேரத்தில், மஞ்சள் பல்பு வெளிச்சத்தில், கிழிந்த சாக்குகள் கிடக்கும்போது எடுத்தது. பின் படம் குடோனைக் காலி செய்து, வெள்ளை எல்.இ.டி. விளக்குப் போட்டு, செல்போனில் அகலக் கோணம் வைத்து எடுத்தது. அகலக் கோணத்தில் எந்த அறையும் உண்மையை விடப் பெரிதாகத் தெரியும். போதாக்குறைக்கு பிளாஷும் போட்டிருக்கிறார். நேர் எதிரிலிருந்து விழும் பிளாஷ் வெளிச்சத்தில் சுவரின் மேடு பள்ளம் மறைந்துவிடும். ஜன்னலிலிருந்து பக்கவாட்டில் விழும் வெளிச்சத்தில்தான் கொத்தனாரின் கைவேலை தெரியும்.

இதை விடப் பெரிய குறை காலத்தைப் பற்றியது. நம் பக்கம் சுவர் ஓதத்திற்குப் பரீட்சை ஐப்பசி, கார்த்திகை அடைமழைதான். வைகாசி வெயிலில் எந்தச் சுவரும் காய்ந்துதான் இருக்கும். ஈரமான சுவர் மேல் பெயிண்ட் அடித்தாலும் இரண்டு மூன்று மாதம் பளபளப்பாகவே நிற்கும். மழை தொடங்கி மண்ணின் ஈரம் செங்கல் வழியே மேலேறும்போது, அது கரைத்துக் கொண்டுவரும் உப்பு பெயிண்டுக்குப் பின்னால் படிந்து, அதை ஏடு ஏடாக உரித்துத் தள்ளும். எனவே வைகாசியில் எடுத்த படம் பெயிண்டின் நிறத்துக்குச் சாட்சியாகலாமே தவிர, ஓதம் நின்றதற்குச் சாட்சியாகாது.

கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. 300 சதுர அடிக்கு, சதுர அடி 20 ரூபாய் வீதம், பெயிண்ட் வேலை 6,000 ரூபாய். அதற்கு முன்பாகக் கீழ் நான்கடிப் பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, 120 சதுர அடிக்குப் புதிதாகப் பூசியதற்கு, சதுர அடி 60 ரூபாய் வீதம், 7,200 ரூபாய். ஆக மொத்தம் 13,200 ரூபாய். 'ஒரே வாரம்' என்பது பெயிண்ட் அடித்த நாட்கள் மட்டுமே. புதிய சிமெண்ட் பூச்சு காய்ந்து பதப்பட நான்கு வாரம் விட்டிருந்தார்கள், அது சொல்லப்படவில்லை.

அதே வேலையை உள்ளபடி எழுதினால் இப்படி வரும்:

"குடோன் சுவர், 30 அடிக்கு 10 அடி. கீழ் நான்கடிப் பூச்சை எடுத்துப் புதிதாகப் பூசி, நான்கு வாரம் காயவிட்டு, பிரைமர் ஒரு கோட்டும் பெயிண்ட் இரண்டு கோட்டும் அடித்தோம். மொத்தச் செலவு 13,200 ரூபாய். இரண்டு படமும் காலை பத்து மணிக்கு, ஒரே இடத்தில் நின்று, ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்தவை. பின் படம் வேலை முடிந்த பத்தாம் நாள் எடுத்தது. அஸ்திவாரத்தில் ஓதத் தடுப்பு போடவில்லை. மழைக்காலம் முடிந்ததும் இதே சுவரின் மூன்றாவது படத்தை வெளியிடுவோம்."

இதில் 'ஓதமே வராது' என்ற வாக்குறுதி இல்லை. மண்ணிலிருந்து ஈரம் ஏறும் வழியை அடைக்காதவரை அப்படிச் சொல்ல முடியாது. ஆனால் தை மாதத்தில் எடுக்கும் மூன்றாவது படம் நன்றாக இருந்தால், அதற்கு ஈடான விளம்பரம் வேறில்லை. சுவர் மீண்டும் பொரிந்திருந்தால், "ஓதத் தடுப்பும் சேர்த்துப் போட வேண்டும்" என்று அடுத்த வாடிக்கையாளரிடம் காரணத்தோடு சொல்ல அந்தப் படமே உதவும்.

ஒரே இடத்திலிருந்து படமெடுக்கப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். முதல் படம் எடுக்கும்போதே நின்ற இடத்தைச் சாக்பீஸால் தரையில் குறித்து, எந்த உயரத்தில் செல்போனைப் பிடித்தோம், மணி என்ன என்று எழுதி வைத்துக் கொண்டால் போதும். சாமான்கள் இரண்டு படத்திலும் இருக்கட்டும், அல்லது இரண்டிலும் இல்லாதிருக்கட்டும்.

வேலை கொடுப்பவர் தாமே பார்த்துக் கொள்ளவும் ஒரு வழி உண்டு. ஓரடிச் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட வேண்டும். சுவரை ஒட்டிய உள்பக்கத்தில் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. அதன் மேல் பெயிண்ட் அடிப்பது வீண். வெளிப்பக்கத்தில் நீர் கோத்திருந்தால் அது அறைக்காற்றின் ஈரம்.

அழகு நிலையப் படங்களுக்கும் இதே அளவுகோல்தான். பேஷியல் முடிந்தவுடன் முகத்தில் தெரியும் பளபளப்பில் பெரும்பங்கு மசாஜினால் ஏறிய ரத்த ஓட்டமும் மேலே தடவிய கிரீமும்தான். சில மணி நேரத்தில் அது தணிந்துவிடும். மறுநாள் காலை எடுத்த படமே உண்மையான பின் படம். முடி நேராக்கும் வேலைக்கு, தலைக்குக் குளித்துத் தானாகக் காய்ந்த பிறகு எடுக்க வேண்டும். முன் படத்தில் வாடிய முகம், பின் படத்தில் சிரித்த முகம் என்பதும் ஏமாற்று வகைதான். முகப்பொலிவுப் பொருள்களின் விளம்பரத்தில், உபயோகிப்பதற்கு முந்தைய முகத்தைச் சோகமாகவோ அவலட்சணமாகவோ காட்டக்கூடாது என்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2014-லேயே நெறிமுறை வகுத்தது. அழகுபடுத்தும் வடிப்பான் செல்போனில் தானாகவே இயங்கலாம்; அதை அணைத்துவிட்டே இரு படங்களையும் எடுக்க வேண்டும். படத்தில் இருப்பவரின் சம்மதம் பெறுவதும் அவசியம்.

சட்டத்தின் நிலையையும் நமது உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றே சொல்கிறது. அத்தகைய விளம்பரத்தை நிறுத்தவோ திருத்தவோ வியாபாரிக்கு உத்தரவிடும் அதிகாரம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு உண்டு. தயாரிப்பாளருக்கும் பரிந்துரைப்பவருக்கும் 10 லட்ச ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். 2022 ஜூனில் வந்த வழிகாட்டு நெறிகளின்படி, நிபந்தனைக் குறிப்பும் விளம்பர வாசகத்தின் அதே மொழியில், அதே எழுத்தில் இருக்க வேண்டும். தமிழில் கொட்டை எழுத்தில் வாக்குறுதி தந்துவிட்டு, மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தாக 'நிபந்தனைக்கு உட்பட்டது' என்று போடுவது இனிச் செல்லாது.

ஆகவே போர்டு அச்சுக்குப் போகும் முன் நான்கு விவரங்கள் அதில் இருக்கின்றனவா என்று பார்த்துக் கொள்வோம்: என்ன வேலை செய்யப்பட்டது, மொத்தம் எவ்வளவு செலவு, வேலை முடிந்து எத்தனை நாளில் படம் எடுக்கப்பட்டது, எதைச் செய்யவில்லை. நான்கும் இரண்டு மூன்று வரிக்குள் அடங்கிவிடும்.