பச்சைச் சொற்களின் கணக்கு
எழுதியது இயந்திரமா என்று காட்டும் மறைகுறி, மாற்றி எழுதினால் ஏன் மங்குகிறது?

ஒரு படத்தில் கண்ணுக்குத் தெரியாத குறியை ஒளித்து வைக்க இடம் நிறைய உண்டு. லட்சக்கணக்கான புள்ளிகளில் ஆங்காங்கே நிறத்தை ஒரு துளி மாற்றினால் பார்ப்பவர் உணர மாட்டார், கணினி கண்டுபிடித்துவிடும். எழுத்தில் அந்த வசதி கிடையாது. ஒரு பத்தியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் கூடவே போவது எழுத்துகள் மட்டும்தான். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிக் குறிகளை நடுவே செருகிப் பார்த்தவர்கள் உண்டு. அதே பத்தியைப் புதிதாகத் தட்டச்சு செய்தால் அவை உதிர்ந்துவிடும். ஆக, செயற்கை நுண்ணறிவு எழுதும் உரையில் ஒரு வாட்டர்மார்க் இருக்க வேண்டுமென்றால், அது எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தது என்பதிலேயே இருந்தாக வேண்டும்.

இதற்கு எளிமையான ஒரு வழியை அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் கிர்ஷன்பாவரும் டாம் கோல்ட்ஸ்டீனும் சக ஆய்வாளர்களும் 2023 ஜனவரியில் வெளியிட்டார்கள். அதன் பிறகு வந்த முறைகள் பலவற்றில் இதே அடிப்படையைக் காணலாம். அதனால் இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும்.

தேர்வில் ஒரு சாய்வு

மொழி மாதிரி ஒவ்வொரு சொல்லாகத்தான் எழுதுகிறது. (உண்மையில் அது கையாள்வது டோக்கன் எனப்படும் சொல்துண்டுகளை, இங்கே சொல் என்றே வைத்துக்கொள்வோம்.) அடுத்து வரக்கூடிய பல்லாயிரம் சொற்களுக்கும் மதிப்பெண் போட்டு, அந்த மதிப்பெண்ணுக்கேற்ற வாய்ப்பில் ஒன்றைக் குலுக்கி எடுக்கிறது. வாட்டர்மார்க் நுழைவது மதிப்பெண் போட்டபின், குலுக்கலுக்குச் சற்று முன்.

கடைசியாக எழுதிய சொல்லையும் ஒரு ரகசியச் சாவியையும் சேர்த்து ஒரு கணக்கு போடப்படுகிறது. அதில் கிடைக்கும் எண்ணை வைத்து, மொத்தச் சொற்களும் பாதிக்குப் பாதி பச்சை, சிவப்பு என்று பிரிக்கப்படுகின்றன. இந்தப் பிரிவு சீட்டுக் குலுக்கியதுபோலத் தோன்றும். ஆனால் அதே முந்தைய சொல்லும் அதே சாவியும் இருந்தால் எத்தனை முறை போட்டாலும் அதே பிரிவுதான் வரும். முந்தைய சொல் வேறானால் பிரிவும் அடியோடு வேறாகிவிடும். ஒரே சொல் ஓரிடத்தில் பச்சையாகவும் இன்னோரிடத்தில் சிவப்பாகவும் இருப்பது இதனால்தான். பிரித்தபின், பச்சைச் சொற்களின் மதிப்பெண்ணோடு ஒரு சிறு கூடுதல் சேர்க்கப்படுகிறது.

“பள்ளிக்கு” என்பதற்குப் பின் “விடுமுறை” வர 60 சதவீத வாய்ப்பும் “லீவு” வர 40 சதவீத வாய்ப்பும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். இந்த இடத்தில் விடுமுறை சிவப்பு, லீவு பச்சை. கூடுதல் மதிப்பெண் 2 என்றால், பச்சையின் பங்கு சிவப்போடு ஒப்பிடுகையில் சுமார் 7 மடங்கு பெருகும். லீவு வரும் வாய்ப்பு 83 சதவீதமாக ஏறிவிடும். எதை எழுதினாலும் பொருள் ஒன்றே என்பதால் படிப்பவருக்கு எதுவும் உறுத்தாது.

எல்லா இடத்திலும் இப்படிச் சாய்க்க முடியாது. “சூரியன் கிழக்கே” என்ற பின் “உதிக்கும்” வர 99.9 சதவீத வாய்ப்பு என்றால், அது சிவப்பாக இருந்தாலும் 99 சதவீதத்துக்குக் குறையாது. வேறு வழியில்லாத இடங்களில் வாட்டர்மார்க் தானாகவே ஒதுங்கிக்கொள்கிறது. உரையின் தரத்தை இது காக்கிறது. அதே காரணத்தால் தேதிகள், சட்டப் பிரிவுகள், கணக்கு விடைகள் போன்றவற்றில் குறி பதிய இடமே இருப்பதில்லை.

எண்ணிப் பார்த்தல்

சோதிப்பவருக்கு அந்த மொழி மாதிரி தேவையில்லை. சாவியும், உரையைச் சொல்துண்டுகளாக வெட்டும் முறையும் போதும். ஒவ்வொரு சொல்லுக்கும் முந்தைய சொல்லை வைத்துப் பிரிவைத் திரும்பப் போட்டு, இது பச்சையா சிவப்பா என்று பார்த்துக்கொண்டே போகலாம்.

சாவி தெரியாத மனிதர் எழுதினால், நாணயத்தைச் சுண்டுவது போலப் பாதி பச்சை, பாதி சிவப்பு விழும். 200 சொற்களில் 100 பச்சையை எதிர்பார்க்கலாம். தற்செயலாக ஏறி இறங்கும் அளவு, அதாவது புள்ளியியலார் திட்ட விலக்கம் என்பது, இங்கே சுமார் 7. எனவே 107 வந்தாலும் 93 வந்தாலும் அதில் வியப்பில்லை. வாட்டர்மார்க் இட்ட 200 சொற்களில் 145 பச்சை இருக்கிறதென்று கொள்வோம். எதிர்பார்த்ததைவிட 45 கூடுதல். திட்ட விலக்கத்தைப் போல ஆறு மடங்குக்கு மேல். தற்செயலாக இது நேர்வதற்கான வாய்ப்பு ஆயிரம் கோடியில் ஒன்று என்ற அளவில்தான் இருக்கும்.

நாலு மடங்கைத் தாண்டினால்தான் இயந்திரம் எழுதியது என்று சொல்வது ஒரு கட்டுப்பாடான வரம்பு. அப்படி வைத்தால் ஒரு லட்சம் மனித உரைகளில் மூன்றுதான் தவறாக மாட்டும்.

மாற்றி எழுதினால் என்ன ஆகிறது?

இந்தக் குறி சொற்களில் தனித்தனியாக இல்லை. முந்தைய சொல்லும் அடுத்த சொல்லும் சேர்ந்த ஜோடியில் இருக்கிறது. மாற்றி எழுதுவதன் விளைவு முழுவதும் இதிலிருந்துதான் வருகிறது.

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: “மழை பெய்ததால் பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.” இதில் சோதிக்கத்தக்க ஜோடிகள் நான்கு.

விடுமுறையை எடுத்துவிட்டு லீவு என்று போட்டால் மாறுவது ஒரு சொல்தான், உடைவதோ இரண்டு ஜோடி. லீவின் நிறத்தைப் புதிதாகப் பார்க்க வேண்டும். அதற்கு அடுத்து நிற்கும் “விட்டார்கள்” மாறவேயில்லை, ஆனாலும் அதற்கு முன்னால் நிற்பது மாறிவிட்டதால் அதன் நிறமும் புதிய குலுக்கலுக்குப் போய்விடுகிறது.

வாக்கியத்தை முன்பின்னாக மாற்றி, “பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள், மழை பெய்ததால்” என்று எழுதினால் பெரிய மாற்றம்போலத் தெரியும். ஆனால் ஒட்டிநின்ற சொற்கள் ஒட்டியே இருப்பதால் நான்கில் மூன்று ஜோடிகள் தப்பிவிடும். பத்திகளை இடம் மாற்றி வைப்பதால் வாட்டர்மார்க் அநேகமாகச் சேதமடையாததும் இதனால்தான்.

“கனமழை காரணமாகப் பள்ளிகள் இயங்கவில்லை” என்று எழுதினால் செய்தி ஏறக்குறைய அதேதான், பழைய ஜோடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. பொருளை வைத்துக்கொண்டு சொற்சேர்க்கையை மாற்றுவதுதான் மாற்றி எழுதுதல். வாட்டர்மார்க்கோ பொருளைத் தொடாமல் சொற்சேர்க்கையில் மட்டும் குடியிருக்கிறது. இந்த முறைக்கு மாற்றி எழுதுதல் இவ்வளவு நேரான எதிரியாக இருப்பது அதனால்தான். மொழிபெயர்ப்பு இதன் கடைசிப் படி. ஆங்கிலத்தில் எழுதவைத்து இன்னொரு கருவியால் தமிழாக்கினால் மூலத்தின் ஜோடி எதுவுமே தமிழுக்கு வராது.

முன்பு பார்த்த 200 சொற்களுக்குத் திரும்புவோம். மூன்றில் ஒரு சொல்லை மாற்றினாலே மூன்றில் இரண்டு ஜோடிகள் உடையும். கொஞ்சம் கூடவே மாற்றி, 60 ஜோடிகள் மட்டும் தப்பின என்று கொள்வோம். அவற்றில் பழைய விகிதப்படி சுமார் 43 பச்சை. உடைந்த 140 இடங்களிலும் நிறம் புதிதாக விழும். பாதிக்குப் பாதி, 70 பச்சை. மொத்தம் 113. எதிர்பார்த்ததைவிட 13 கூடுதல். திட்ட விலக்கத்தைப் போல இரண்டு மடங்குகூட இல்லை. இவ்வளவு பச்சை மனித உரையிலும் நூற்றுக்கு மூன்று நான்கு முறை வரும். இதை நம்பித் தீர்ப்புச் சொன்னால் நூறு மாணவர்களில் மூன்று நான்கு பேர் ஒரு தவறும் செய்யாமலே மாட்டிக்கொள்வார்கள்.

இங்கே பச்சைகள் குறைந்து சிவப்புப் பக்கம் சாய்ந்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உடைந்த இடங்கள் நடுநிலைக்குப் போயின, தப்பிய இடங்கள் இன்னும் சாய்ந்தே நிற்கின்றன. குறி அழியவில்லை, நீர்த்துப்போயிருக்கிறது. அதே விகிதத்தில் மாற்றி எழுதிய 900 சொற்கள் கிடைத்தால், 450 எதிர்பார்த்த இடத்தில் சுமார் 511 பச்சை இருக்கும். திட்ட விலக்கம் 15 என்பதால் நாலு மடங்கு வரம்பை அது தாண்டிவிடும். சாய்வு சொற்களின் எண்ணிக்கைக்கு நேராக வளர, தற்செயலின் ஊசலாட்டம் அதன் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே வளர்கிறது. அதனால் நீண்ட உரை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மேரிலாண்ட் குழு 2023-இல் மனிதர்களைக் கொண்டே மாற்றி எழுதவைத்துப் பார்த்தபோது, லட்சத்துக்கு ஒன்று என்ற தவறு வரம்பில் சராசரியாக 800 டோக்கன்களைப் பார்த்தபின் வாட்டர்மார்க் பிடிபட்டது.

ஏன் இன்னும் கெட்டியாக்கக் கூடாது?

முந்தைய சொல்லைப் பார்ப்பதால்தானே ஜோடி உடைகிறது, எல்லா இடத்துக்கும் ஒரே பச்சைப் பட்டியலை வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். அப்படிச் செய்த முறைகளும் உண்டு. மாற்றி எழுதுவதை அவை கூடுதலாகத் தாங்குகின்றன. ஆனால் அந்த மாதிரி எழுதியதை ஒருவர் நிறையச் சேகரித்து, சாதாரண எழுத்தில் வருவதைவிட எந்தச் சொற்கள் அடிக்கடி வருகின்றன என்று எண்ணினாலே பட்டியல் கசிந்துவிடும். அது கையில் கிடைத்தவர் பச்சையைத் தவிர்த்துக் குறியை அழிக்கலாம். தானே எழுதிய அவதூறில் பச்சையை நிரப்பி, அது அந்த நிறுவனத்தின் கருவி எழுதியது என்றும் காட்டலாம்.

இதைத் தடுக்க ஒன்றுக்குப் பதில் முந்தைய நான்கு சொற்களைப் பார்த்து நிறம் பிரிக்கலாம். பட்டியலை ஊகிப்பது கடினமாகும். ஆனால் அப்போது ஒரு சொல்லை மாற்றினால் ஐந்து இடங்களின் சோதனை கெடும். திருட்டுக்கு எதிரான பூட்டை இறுக்கினால் மாற்றி எழுதுதலுக்கு எதிரான பூட்டு தளர்கிறது. அந்த இறுக்கமும் முழுமையானதல்ல. 50 டாலருக்கும் குறைந்த செலவில் இத்தகைய முறைகளின் விதிகளை ஊகித்து, குறியை அழிக்கவும் போலியாகப் பதிக்கவும் முடிந்ததாக ஜூரிச்சின் இடிஎச் ஆய்வாளர்கள் 2024-இல் காட்டினார்கள்.

வாட்டர்மார்க் இன்று ஆய்வகத்தோடு நிற்கவில்லை. கூகுள் டீப்மைண்டின் சிந்த்ஐடி, சொற்களைப் போட்டியாக மோதவிட்டுத் தேர்ந்தெடுக்கும் சற்று வேறான முறை. ஜெமினியின் சுமார் 2 கோடி பதில்களில் அதைச் சோதித்த விவரம் 2024 அக்டோபரில் ‘நேச்சர்’ இதழில் வந்தது. சொற்தேர்வில்தான் குறி என்பதால் அதற்கும் இதே பலவீனம் உண்டு.

ஆகவே இப்படியொரு சோதனையின் முடிவு கையில் வரும்போது இரண்டு பக்கத்தையும் ஒரே எடையில் பார்க்கக் கூடாது. சாவி திருடுபோகாதவரை, நீண்ட உரையில் வரம்பைத் தாண்டிய பச்சை வலுவான சான்று. பச்சை இல்லை என்பதோ எதையும் சொல்லாது. எழுதியவர் மனிதராக இருக்கலாம், வாட்டர்மார்க்கே இல்லாத மாதிரியாக இருக்கலாம், மூன்றில் ஒரு சொல்லை யாரோ மாற்றியிருக்கலாம், அல்லது உரை வெறும் 100 சொல்லாக இருக்கலாம். முடிவைப் பார்ப்பவர் முதலில் கேட்க வேண்டியது, எத்தனை சொற்களில் எத்தனை பச்சை என்பதைத்தான்.