இறால் பண்ணைக்கு மூன்று கணக்குகள்

ஒரு முதலீடு லாபம் தருமா என்று பார்க்க, வரும் ஆண்டுகளில் கைக்கு வரும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்து, அதிலிருந்து போட்ட முதலைக் கழிப்பார்கள். மிஞ்சுவது நிகர தற்போதைய மதிப்பு. வங்கிகளில் சுருக்கமாக என்பிவி என்பார்கள். அது பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் முதலீடு தகும், கீழே இருந்தால் தகாது. ஆனால் வரும் ஆண்டுகளின் வரவை யாரும் கண்டதில்லை. அதனால் ஒரே கணக்கை நம்பாமல் நல்லது, நடுத்தரம், மோசம் என்று மூன்று நிலவரங்களுக்கும் தனித்தனியே கணக்குப் போட்டு, ஒவ்வொன்றும் நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று எடை கொடுத்து, மூன்றையும் ஒரே எண்ணாகச் சேர்க்கிறார்கள். அந்த எண்ணே எதிர்பார்ப்பு நிகர மதிப்பு.

இந்த முறையை இறால் பண்ணையில் வைத்துப் பார்ப்பது பொருத்தம். நல்ல ஆண்டுக்கும் கெட்ட ஆண்டுக்கும் இடையே அவ்வளவு தூரம் உள்ள தொழில்கள் குறைவு. பசிபிக் கடலோர லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த வனாமி இறாலை வளர்க்க இந்தியாவில் 2009-இல் அனுமதி கிடைத்தது. நாகப்பட்டினம் தொடங்கி ஆந்திரக் கடற்கரை வரை இன்று பெரும்பாலும் வளர்வது அதுதான். கீழே வரும் விலைகளும் செலவுகளும் கணக்கை விளக்க எடுத்துக்கொண்டவை; ஊருக்கு ஊர், ஆண்டுக்கு ஆண்டு அவை மாறும்.

2 ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஒரு பண்ணையை எடுத்துக்கொள்ளலாம். குளம் வெட்ட, பம்பு, ஏரேட்டர், ஜெனரேட்டர், மின் இணைப்பு எல்லாம் சேர்த்து முதலீடு 40 லட்சம் ரூபாய். பண்ணையின் ஆயுள் 5 ஆண்டு. அது முடியும்போது சாமான்களுக்கு விலை எதுவும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். பணத்தை வேறு இடத்தில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் வருமானத்தைக் கணக்கில் கொண்டு ஆண்டுக்கு 12 சதவீதம் தள்ளுபடி வீதம். இந்த வீதத்தில், ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் கிடைக்கும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு மொத்தம் சுமார் 3 ரூபாய் 60 காசு.

நடு நிலவரத்தில் சதுர மீட்டருக்கு 40 குஞ்சு வீதம் 8 லட்சம் குஞ்சு விடுகிறார்கள். நூற்றுக்கு 75 பிழைத்து, ஒவ்வொன்றும் 20 கிராம் எடைக்கு வளர்ந்தால் ஒரு அறுவடைக்கு 12 டன். ஆண்டுக்கு இரண்டு அறுவடை, ஆக 24 டன். கிலோ 375 ரூபாய்க்குப் போனால் வரவு 90 லட்சம். தீவனம், குஞ்சு, மின்சாரம், கூலி, மருந்து என்று செலவு 76 லட்சம். மிச்சம் 14 லட்சம். ஐந்து ஆண்டுகளுக்கு அதன் இன்றைய மதிப்பு 50.5 லட்சம். முதலைக் கழித்தால் நிகர மதிப்பு 10.5 லட்சம். பண்ணை தொடங்கலாம் என்று பலர் முடிவெடுப்பது இந்த ஒற்றைக் கணக்கைப் பார்த்துத்தான்.

நல்ல நிலவரத்தை எழுதும்போது ஒரு சபலம் வரும்: அதிக விளைச்சலையும் அதிக விலையையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது. ஒரு நிலவரம் என்பது ஒன்றோடொன்று ஒட்டிப்போகும் சம்பவங்களின் தொகுப்பாக இருக்க வேண்டும். ஆந்திரத்திலும், உலகிலேயே அதிகம் இறால் ஏற்றுமதி செய்யும் எக்குவடோரிலும் விளைச்சல் அமோகமாக இருந்தால் சந்தையில் சரக்கு குவிந்து விலை இறங்கும். தன் குளத்தில் மட்டும் நன்றாக விளைந்து மற்ற இடங்களில் சுமாராக இருந்தால்தான் இரண்டும் சேர்ந்து வரும்; அதிலும் அளவோடுதான். ஆகவே 28 டன், கிலோ 400 ரூபாய் என்று நிறுத்திக்கொள்வது நியாயம். வரவு 112 லட்சம். கூடுதலாக விளைந்த இறால் கூடுதலாகத் தீவனமும் தின்றிருக்கும். செலவு 88 லட்சம். மிச்சம் 24 லட்சம். நிகர மதிப்பு 46.5 லட்சம்.

மோசமான நிலவரத்துக்கு வெள்ளைப்புள்ளி நோய் போதும். இந்த வைரஸ் வந்துவிட்டால் சில நாட்களிலேயே குளத்து இறால்கள் பெருமளவு சாகக்கூடும், மருந்து கிடையாது. தீவனத் தட்டில் இரை அப்படியே கிடப்பதையும், இறால்கள் கரையோரம் மந்தமாக ஒதுங்குவதையும் பார்த்ததும் பண்ணைக்காரர் செய்யக்கூடியது அவசர அறுவடை ஒன்றுதான். இறால் விலை கவுண்ட் கணக்கில் போகிறது. கிலோவுக்கு 50 எண்ணம் நிற்கும் இறாலைவிட 90 எண்ணம் நிற்கும் பொடி இறாலுக்கு விலை மிகவும் குறைவு. அக்கம்பக்கத்துப் பண்ணைகளும் அதே வாரத்தில் பொடி இறாலைப் பிடித்தால் விலை இன்னும் விழும். முதல் அறுவடையில் 11 டன் இறால் கிலோ 350 ரூபாய்க்குப் போகிறது. இரண்டாவதில் அவசரமாகப் பிடித்த 4 டன் 240 ரூபாய்க்குப் போகிறது. வரவு சுமார் 48 லட்சம். செலவு 57 லட்சம். ஆண்டுக்கு 9 லட்சம் நட்டம். இதே கதி ஐந்து ஆண்டும் தொடர்ந்தால் நிகர மதிப்பு கழித்தல் 72.4 லட்சம்.

இனி வாய்ப்புகள். நல்லதுக்கு 20 சதவீதம், நடுத்தரத்துக்கு 50, மோசத்துக்கு 30 என்று வைத்தால் கூட்டல் இப்படி வரும்:

0.20 × 46.5 + 0.50 × 10.5 + 0.30 × (−72.4) = −7.2

நடு நிலவரம் 10.5 லட்சம் லாபம் காட்டிய அதே பண்ணை, மூன்றையும் சேர்த்தால் 7.2 லட்சம் நட்டத்தில் நிற்கிறது. நல்ல நிலவரம் நடுவிலிருந்து 36 லட்சம் மேலே இருக்கிறது; மோசமானதோ 83 லட்சம் கீழே. சரிவு இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் தொழிலில் "சாதாரணமாக என்ன நடக்கும்" என்ற கணக்கு எப்போதும் சராசரியைவிட இனிப்பாகவே இருக்கும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பெரிய பிசகு இருக்கிறது. ஆண்டுக்கு 9 லட்சம் இழந்துகொண்டு ஐந்து ஆண்டும் குஞ்சு விட்டுக்கொண்டிருக்கும் பண்ணைக்காரர் எங்கும் இல்லை. இரண்டாவது ஆண்டும் நோய் வந்தால் நிறுத்திவிட்டு ஏரேட்டர், பம்பு, ஜெனரேட்டரை விற்றுவிடுவார். அப்போது 12 லட்சம் கிடைக்கிறது என்று கொள்ளலாம். முதல் 40 லட்சம், இரண்டு ஆண்டு நட்டத்தின் இன்றைய மதிப்பு 15.2 லட்சம், சாமான் விற்ற பணத்தின் இன்றைய மதிப்பு 9.6 லட்சம். ஆக மோசமான நிலவரத்தின் நிகர மதிப்பு கழித்தல் 45.6 லட்சம். இதை வைத்து மறுபடி கூட்டினால் எதிர்பார்ப்பு மதிப்பு கூட்டல் 0.9 லட்சம் ஆகிறது. நிறுத்திக்கொள்ளும் வழி இருப்பதற்கே 8 லட்சம் ரூபாய் மதிப்பு.

இதில் ஒன்றைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இந்த 30 சதவீதம் எதைக் குறிக்கிறது? "இந்த இடமே சரியில்லாமல் போக 30 சதவீத வாய்ப்பு" என்பது ஒன்று. "எந்த ஓர் ஆண்டிலும் நோய் வர 30 சதவீத வாய்ப்பு" என்பது வேறொன்று. பல பண்ணைகள் ஒரே வாய்க்காலில் நீர் எடுத்து அதிலேயே கழிவையும் விட்டால் நோய் அந்த இடத்தோடு ஒட்டியது. ஓராண்டு வந்தது மறு ஆண்டும் வரும். அங்கே முதல் கெட்ட ஆண்டு ஒரு தகவல் சொல்கிறது, அதைக் கேட்டு நிறுத்துவதில் பலன் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியே நடக்கும் குலுக்கல் போன்றது என்றால், ஐந்து ஆண்டும் தொடர்ந்து நோய் வர வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டரைகூட இல்லை. ஆனாலும் ஆண்டுச் சராசரி மிச்சம் 9.1 லட்சமாகி, எதிர்பார்ப்பு மதிப்பு அதே கழித்தல் 7.2 லட்சத்தில் நிற்கும். கெட்ட ஆண்டு அடுத்த ஆண்டைப் பற்றி எதுவும் சொல்லாததால் நிறுத்துவதாலும் பயனில்லை. மீதமுள்ள ஆண்டுகளின் சராசரி வரவு சாமான் விற்று வரும் பணத்தைவிட அதிகம். மூன்று நிலவரக் கணக்குகளில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் கேட்பதே இல்லை. எழுதுபவர் ஓராண்டு நோய் விகிதத்தை எங்கிருந்தோ எடுத்து, அதை ஐந்தாண்டு நிலவரத்தின் தலையில் வைத்துவிடுகிறார்.

வாய்ப்பு எண்களுக்கு ஆதாரம் தேட வேண்டிய இடம் அந்த வட்டாரம்தான். அதே வாய்க்காலில் நீர் எடுக்கும் பண்ணைகளில் கடந்த ஆண்டுகளில் எத்தனை அறுவடை அவசரமாகப் பிடிக்கப்பட்டது, எத்தனை குளம் காலியாகக் கிடக்கிறது என்பதைக் குஞ்சுப் பொரிப்பகத்தாரும் தீவன டீலரும் நன்றாக அறிவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் பண்ணைகளை மட்டும் எண்ணினால் மூடிப்போனவை கணக்கில் வராமல் போய், மோசத்தின் வாய்ப்பு குறைவாகத் தெரியும்.

எண் எப்படியும் தோராயம்தான். அதனால் கேள்வியைத் திருப்பிப் போடுவது நல்லது: மோசத்தின் வாய்ப்பு எவ்வளவு உயர்ந்தால் முடிவு மாறும்? நல்ல நிலவரத்தை 20-இல் நிறுத்தி, நடுவிலிருந்து எடுத்து மோசத்துக்குக் கொடுத்துக்கொண்டே போனால், நிறுத்தும் வழியோடு கூடிய கணக்கு 31.5 சதவீதம் அளவில் பூஜ்யமாகிறது. 30 என்று வைத்த அனுமானத்துக்கு மிக அருகில் அது இருக்கிறது. அந்த 0.9 லட்ச லாபத்தை நம்பிக் கடன் வாங்குவது ஆபத்து என்பதை வேறெந்த எண்ணையும்விட இது தெளிவாகச் சொல்கிறது.

மோசமான நிலவரத்துக்கு எடை கொடுத்த பிறகு, "தொழிலில் ரிஸ்க் அதிகம்" என்று தள்ளுபடி வீதத்தை 12-இலிருந்து 20-க்கு ஏற்றுவதும் அடிக்கடி நடக்கிறது. நோயின் பாதிப்பு ஏற்கெனவே வரவில் கழிக்கப்பட்டுவிட்டது. அதே நோய்க்காக வீதத்தையும் ஏற்றினால் ஒரே ஆபத்தை இருமுறை கழித்ததாகும்.

எதிர்பார்ப்பு மதிப்பாக வந்த 0.9 லட்சம் எந்த நிலவரத்திலும் கைக்கு வரும் தொகை அல்ல. பல ஊர்களில், வேறு வேறு நீர்நிலைகளில் நூறு பண்ணை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அந்தச் சராசரி ஏறக்குறைய நிஜமாகவே கிடைக்கும். ஒரே பண்ணை வைத்திருக்கும் குடும்பத்துக்குக் கிடைப்பது 46.5, 10.5, கழித்தல் 45.6 ஆகிய மூன்றில் ஒன்று. 40 லட்சத்தில் 25 லட்சம் வீட்டுப் பத்திரத்தை வைத்து வாங்கிய கடன் என்றால், அவர்கள் முதலில் படிக்க வேண்டிய வரி மூன்றாவதுதான். நிறுத்தும் வழிக்குக் கணக்கில் கிடைத்த 8 லட்சமும் உண்மையில் நிறுத்தினால்தான் உண்டு. தீவன டீலரிடம் கடன் பாக்கி இருக்கும்போது, அடுத்த அறுவடையில் அடைத்துவிடலாம் என்று மூன்றாம் ஆண்டும் குஞ்சு விடுவது கடலோரத்தில் சாதாரணமாக நடப்பது. அப்படி நடக்கக்கூடும் என்று தோன்றினால் மோசமான நிலவரத்துக்குக் கழித்தல் 45.6-ஐ எழுதக் கூடாது, கழித்தல் 72.4-ஐயே எழுத வேண்டும்.