பிரேசர் டவுனில் இரண்டு நாள்: ஒரு டூர் பில்லின் கணக்கு

சென்னையிலிருந்து இரவு மெயிலில் கிளம்பினால் விடியுமுன் பெங்களூர் கண்டோன்மென்ட். அங்கிருந்து பிரேசர் டவுன் ஆட்டோவில் எட்டிவிடும் தூரம்தான். அலுவலக வேலையாக இப்படி வந்திறங்கும் ஒரு மத்திய அரசு ஊழியரை எடுத்துக்கொள்வோம். தனியார் கம்பெனிகள் ஒவ்வொன்றும் தன் பயண விதியைத் தானே எழுதிக்கொள்கிறது. மத்திய அரசின் விதி 2017 ஜூலை 13 ஆணையாக எல்லோரும் படிக்கக் கிடைக்கிறது. ஆகவே அதையே பார்ப்போம்.

நம் ஆள் பே லெவல் 7. லெவல் 6 முதல் 11 வரை உள்ளவர்கள் விமானத்தில் எகானமி வகுப்பிலோ ரயிலில் இரண்டாம் ஏசியிலோ போகலாம். விமானமென்றால் 2022 முதல் கெடுபிடி கூடிவிட்டது. அரசு அங்கீகரித்த மூன்று ஏஜென்ட்களிடம்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பயணத்துக்கு 72 மணி நேரத்துக்குள் எடுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். இவர் மெயிலில் இரண்டாம் ஏசி எடுத்தார், டிக்கெட் செலவு அலுவலகத்துடையது, அதை இங்கே விட்டுவிடலாம்.

சிக்கல் சாப்பாட்டுப் படியில். லெவல் 6 முதல் 8 வரை ஒரு நாளைக்கு 800 ரூபாய். இதற்கு ஓட்டல் பில் எதுவும் தேவையில்லை. மாஸ்க் ரோட்டில் என்ன சாப்பிட்டாலும், சாப்பிடாமலே இருந்தாலும் அதே தொகைதான். எத்தனை மணி நேரம் தலைமையிடத்தை விட்டு வெளியே இருந்தீர்கள் என்பதுதான் கேள்வி. நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. 6 மணி நேரம் வரை 30 சதவீதம், 12 மணி நேரம் வரை 70, அதற்கு மேல் முழுத் தொகை.

இவர் ஜூன் 1, ஞாயிறு இரவு 11 மணிவாக்கில் சென்னையை விட்டார். அன்று வெளியே இருந்தது ஒரு மணி நேரம், ஆனாலும் 240 ரூபாய் உண்டு. திங்கள், செவ்வாய் முழு 800. செவ்வாய் இரவு ரயிலேறி, புதன் காலை 5 மணிக்குச் சென்னை வந்தால் இன்னொரு 240. மொத்தம் 2,080. அதே வண்டி தாமதமாகி ஆறரைக்கு வந்து சேர்ந்தால் கடைசி நாளுக்கு 560. அதனால் பில்லில் வண்டி வந்த நேரத்தை உத்தேசமாக எழுதாதீர்கள். பாஸ் செய்யும் பிரிவு முதலில் பார்ப்பது அந்த நேரத்தைத்தான்.

அறை வாடகையில்தான் பெங்களூருக்கென்று தனி விதி இருக்கிறது. லெவல் 6 முதல் 8 வரை உள்ளவர்கள் எங்கே தங்கினோம், எத்தனை நாள் என்று தாங்களே சான்று எழுதிக்கொடுத்து, ரசீது இல்லாமல் நாளுக்கு 750 வரை பெறலாம். பெங்களூர் ‘எக்ஸ்’ வகை நகரம் என்பதால் இங்கே உச்சவரம்பு 1,000. ஆனால் அந்தப் பணத்துக்கு ரசீது கட்டாயம். லாட்ஜ்காரர் பேப்பரில் கிறுக்கிக் கொடுத்ததை வாங்கிவந்தால் வீண் தகராறு. பெயர், தேதி, நாள் வாடகை எல்லாம் உள்ள ரசீதாகக் கேளுங்கள். ரசீதில் புலகேசி நகர் என்று ஊர் பெயர் இருந்தால் பில்லிலும் அப்படியே எழுதுங்கள். பிரேசர் டவுனின் அரசுப் பெயர் அதுதான்.

நம் ஆளின் அறை 1,400 ரூபாய். இரண்டு நாளுக்கு 2,000 கிடைக்கும், மீதி 800 கைக்காசு. ஊருக்குள் போய்வர நாளுக்கு 225 வரை உண்டு. அதற்கும் ரசீது வேண்டாம், ஆனால் வண்டி எண்ணைக் குறிப்பிட வேண்டும். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே எண்ணை போனில் குறித்துக்கொள்வது உத்தமம். இரண்டு நாளுக்கு 450. ஆக மொத்தம் 4,530.

இவர் 5,000 அட்வான்ஸ் வாங்கியிருந்தால் 470-ஐத் திருப்பிக் கட்ட வேண்டும். ரசீதைத் தொலைத்திருந்தால் வாடகை 1,500 ஆகிவிடும், கட்ட வேண்டியது 970.

கெடு இரண்டு உண்டு, பலர் இவற்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். அட்வான்ஸ் வாங்கியவர் டூர் முடிந்து 15 நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். புதன் 4-ஆம் தேதி திரும்பினால் 19-ஆம் தேதிக்குள். தவறினால் அட்வான்ஸ் முழுவதையும் ஒரே தவணையில் பிடித்துவிடலாம், தண்ட வட்டியும் சேரும். அட்வான்ஸ் வாங்காதவருக்கு 60 நாள், அதாவது ஆகஸ்ட் 3 வரை. 2018 மார்ச் வரை இது ஒரு வருடமாக இருந்தது. பழைய ஞாபகத்தில் பில்லை மேஜை டிராயரில் போட்டு வைத்தவர்களுக்குப் பணம் போனது அந்த மாற்றத்தால்தான்.

இன்னொன்று. மேலே சொன்னவை 2017-இன் தொகைகள். அகவிலைப்படி 50 சதவீதம் உயரும்போதெல்லாம் இவை 25 சதவீதம் கூடும் என்று அதே ஆணை சொல்கிறது. 2024 ஜனவரியில் அது 50-ஐத் தொட்டுவிட்டது. பயணப்படியும் டி.ஏ., அகவிலைப்படியும் டி.ஏ. என்று தமிழில் ஒரே எழுத்தாகிப் போவதால், இந்த வரியைக் கேன்டீனில் விளக்குவதற்குள் டீ ஆறிவிடும். பில் போடும் நாளில் நடப்பில் உள்ள விகிதத்தை அலுவலகக் கணக்குப் பிரிவில் ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுங்கள்.