படத்துக்கு மேல் ஒரு குரல் – 14: குதிகாலில் மூன்று புள்ளி

கடிதத்தை எழுதியவர் குரலில் கேட்பதா, படிப்பவர் குரலில் கேட்பதா என்ற கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் பதில் சொல்வதாகத்தான் இருந்தது. நடுவில் ஒரு குதிகால் குறுக்கிட்டுவிட்டது.

மாண்ட்ரியாலில் கடிதம் என்றால் சினிமாக்காரர்களுக்கு நினைவு வருவது 'இன்சென்டீஸ்'. லெபனானில் பிறந்து மாண்ட்ரியாலில் வளர்ந்த வஜ்தி முவாவத் 2003-ல் மேடையேற்றிய நாடகம். அதை டெனி வில்நவ் 2010-ல் படமாக்கினார். நவால் என்ற தாய் இறந்ததும், இரட்டைப் பிள்ளைகளிடம் நோட்டரி இரண்டு உறைகளைக் கொடுக்கிறார்: ஒன்று அப்பாவுக்கு, மற்றது இருப்பதே தெரியாத அண்ணனுக்கு. படம் பார்க்காதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிவிடலாம். ஆனால் 2010-ல் வந்த படத்தின் ரகசியத்துக்கு இன்னும் எத்தனை நாள் காவல் இருப்பது?

இரண்டு உறைகளும் ஒரே ஆளுக்குத்தான். சிறையில் தன்னைச் சிதைத்தவன் தான் பெற்றுத் தொலைத்த மகனே என்பது நவாலுக்கு எப்படித் தெரிந்தது? நாடகத்தில் விசாரணை மன்றத்தில், அவன் எடுத்துக் காட்டும் சிவப்புக் கோமாளி மூக்கால் தெரிகிறது. குழந்தையோடு அவள் வைத்து அனுப்பிய மூக்கு அது. மேடைக்கு அது சரி, கடைசி வரிசைக்கும் சிவப்பு தெரியும். வில்நவ் மூக்கைத் தூக்கிவிட்டு, குழந்தையின் குதிகாலில் மூன்று புள்ளி பச்சை குத்த வைத்தார். படத்தின் தொடக்கத்திலேயே, தலை மழிக்கப்படும் சிறுவன் ஒருவனின் குதிகாலில் அதைப் பார்த்துவிடுகிறோம். பிறகு மாண்ட்ரியாலில் ஒரு நீச்சல் குளம். தண்ணீரில் இருக்கும் நவாலின் கண்மட்டத்துக்கு, கரையில் நிற்பவனின் குதிகால் வருகிறது. அந்தக் குறியைப் பார்க்க அதைவிடத் தோதான இடம் உண்டா? இந்த வாரம் முழுக்க இதையே சொல்லிச் சொல்லி வீட்டில் ஏச்சு வாங்கினேன்.

கடிதத்துக்கு வருகிறேன். குளமும் சிறையும் முன்பே காட்டப்பட்டுவிட்டதால், கடைசியில் நவாலின் குரலில் வரும் கடிதங்கள் எதையும் விவரிக்க வேண்டியதில்லை. அப்பாவுக்கான கடிதத்தின் கீழே பெயர்கூட வேண்டாம். 72 என்ற கைதி எண் போதும். அந்த எண்ணோடு நாம் ஏற்கெனவே சிறையில் இருந்துவிட்டோம். குரல் கேட்கும்போது திரையில் பெரும்பாலும் படிப்பவனின் முகம்தான். நடந்ததைத் திரும்ப ஓட்டிக் காட்டியிருந்தால் அந்த முகத்தைப் பார்க்க விட்டிருக்குமா?

பார்க் எக்ஸ்டென்ஷனில் குடியிருக்கும் ஒரு பையன் தன் குறும்படத்தை எனக்குப் போட்டுக் காட்டினான். மூன்று ஷாட். வெளிப்புற இரும்புப் படிக்கட்டில் பனியோடு பனியாக ஒருவன் ஏறுகிறான். உணவகத்தில் கோப்பை கழுவுகிறான். விடியும் நேரத்தில் கட்டிலில் சப்பாத்தோடு கிடக்கிறான். மேலே யாழ்ப்பாணத்துக்கு எழுதும் கடிதம்: "அம்மா, இஞ்சை ஒரே ஸ்னோ. படி முழுக்க ஐஸ். கோப்பை கழுவுறன். விடியத்தான் படுக்கிறன்." கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், எதுவும் குறையவில்லை. அப்படியானால் அந்த மூன்று ஷாட்டும் எதற்கு?

கடிதத்தை எடுத்து, கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் அடித்தோம். ஒரு வரிகூட மிஞ்சவில்லை. அப்போதுதான் அவனைக் கேட்டேன், "நீ உண்மையிலே அம்மாவுக்கு இப்பிடி எழுதுவியா?" "ஐயோ அண்ணை, அவ அழுவா." பிறகு அவன் எழுதியது: "அம்மா, குளிர் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. வேலையும் சுகமான வேலை. அப்பான்ரை சைக்கிளை வித்துப்போடாதேங்கோ."

முதல் இரண்டு வரியும் பொய். கடிதம் பொய் சொல்லலாம். படம் அதைப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும். ஆனால் எங்கே வைப்பது? 'சுகமான வேலை' என்பதைக் கோப்பை கழுவும் ஷாட்டின் மேலேயே போட்டதும் சிரிப்பு வந்தது. மகன் தாயைக் கேலி செய்வதுபோல் ஆகிவிட்டது. வரியை ஒரு ஷாட் முன்னால் தள்ளி, படிக்கட்டின் மேல் முடித்தோம். இப்போது வார்த்தையை நம்பிவிட்ட பிறகுதான் கோப்பை வருகிறது. பொய்யைக் கண்டுபிடிப்பது பார்ப்பவர். கோப்பை ஷாட்டில் குரலே இல்லை, தண்ணீர்ச் சத்தம் மட்டும். சைக்கிள் வரி கட்டில் ஷாட்டுக்குப் போனது. அந்தப் படத்தில் சைக்கிள் எங்கும் இல்லை. அதைக் காட்ட வேண்டுமென்று பையன் ஒற்றைக்காலில் நின்றான். காட்டாதே என்றேன், காட்டினால் அந்த வரியையும் அடிக்க வேண்டிவரும்.

மிச்சமிருப்பது அதே குரல் கேள்விதான். ஷான்டால் அக்கர்மான் 1976-ல் எடுத்த 'நியூஸ் ஃப்ரம் ஹோம்' இல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பிரஸ்ஸல்ஸிலிருந்து அம்மா எழுதிய கடிதங்களை, நியூயார்க் தெருக்களின் மேல் மகளே வாசிக்கிறாள். சுரங்க ரயிலும் கார்களும் பாதி வரிகளை விழுங்கிவிடுகின்றன. விழுங்கட்டும் என்று அவர் ஏன் விட்டார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம், வேறெதுவும் குறுக்கிடாவிட்டால்.