நைட் ஷிஃப்ட் பணம் எங்கே போனது?

சம்பளச் சீட்டில் ஒரு படி குறைந்திருந்தால் பெரும்பாலானோர் எழுதும் கடிதம் இரண்டே வரிதான்: "இந்த மாதம் எனக்கு நைட் ஷிஃப்ட் படி குறைவாக வந்திருக்கிறது. சரிசெய்து தரவும்." மரியாதையில் குறைவில்லை. ஆனால் பேரோல் பிரிவில் இருப்பவர் இதை வைத்து எதுவும் செய்ய முடியாது. உங்கள் சம்பளத்தை அவர் முடிவு செய்வதில்லை. தன்னிடம் வந்து சேரும் வருகைக் கணக்கை ரூபாயாக மாற்றுவதுதான் அவர் வேலை. பல நிறுவனங்களில் அந்த வேலையே வெளியில் இருக்கும் ஓர் ஏஜென்சியிடம் போய்விட்டது. அங்கே உட்கார்ந்திருப்பவர் உங்கள் ஆலையின் கேட்டைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். தவறு பெரும்பாலும் அவருக்கு முன்னாலேயே, வருகைப் பதிவில் நடந்திருக்கும்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்து உதிரிபாக ஆலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இரவு ஷிஃப்ட் பத்து மணிக்குத் தொடங்கிக் காலை ஆறரை வரை. ஓர் இரவுக்கு 150 ரூபாய் படி. அங்கே மெஷின் ஓட்டும் தொழிலாளி ஒருவர் பிப்ரவரி 23 முதல் 28 வரை ஆறு இரவு, மார்ச் 9 முதல் 14 வரை ஆறு இரவு, மார்ச் 23 முதல் 28 வரை ஆறு இரவு வேலை பார்த்தார். மார்ச் சம்பளச் சீட்டில் படி 900 ரூபாய், அதாவது ஆறு இரவுக்கு. "மார்ச்சில் பன்னிரண்டு இரவு பார்த்தேன், ஆறுக்குத்தான் பணம் வந்திருக்கிறது" என்று எழுதிப்போட்டார்.

வந்த பதில்: "மார்ச் 23 முதல் 28 வரையிலான ஆறு இரவுகள் ஏப்ரல் சம்பளத்தில் வரும்." புகார் முடிக்கப்பட்டது. பதில் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்த ஆலையில் சம்பளக் கணக்கு மாதம் ஒன்றாம் தேதியில் தொடங்குவதில்லை. முந்தைய மாதம் 21 முதல் இந்த மாதம் 20 வரைதான் ஒரு கணக்கு. மாதக் கடைசியில் சம்பளம் போட வேண்டுமென்றால் அதற்கு முன்பே வருகையை மூடியாக வேண்டும். இதைத்தான் கட்-ஆஃப் என்கிறார்கள். ஆக மார்ச் சீட்டில் வரவேண்டியவை பிப்ரவரி இறுதி வாரத்து ஆறு இரவுகளும் மார்ச் 9 முதல் 14 வரையிலான ஆறு இரவுகளும். முதல் ஆறுக்குப் பணம் வந்துவிட்டது. காணாமல் போனது இரண்டாவது ஆறு. தொழிலாளி கேட்ட தொகை சரி, கேட்ட இரவுகள் தவறு. அதனால் உண்மையாகவே விடுபட்ட 900 ரூபாய் யார் கண்ணிலும் படாமல் போயிற்று.

அந்த ஆறு இரவுகள் எப்படி விடுபட்டன? ஷிஃப்ட் பட்டியலில் அந்த வாரம் அவருக்குக் காலை ஷிஃப்ட். இரவு ஷிஃப்டில் இருந்த நண்பருக்கு ஏதோ வீட்டு வேலை. சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு இருவரும் மாற்றிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் தன் நோட்டில் குறித்துக்கொண்டார், கணினியில் மாற்றவில்லை.

விரல் ரேகை இயந்திரம் தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மார்ச் 9 இரவு 9.52க்கு ஒரு பஞ்ச். 10ஆம் தேதி காலை 6.34க்கு வெளியே, அன்றிரவு 9.50க்கு மறுபடி உள்ளே. ஆனால் இவர் காலை ஷிஃப்ட் என்று நம்பிக்கொண்டிருக்கும் மென்பொருள், 10ஆம் தேதியின் முதல் பஞ்சை வருகையாகவும் கடைசிப் பஞ்சை வெளியேற்றமாகவும் எடுத்துக்கொண்டது. அதன் கணக்கில் அவர் பகலில் பதினைந்து மணி நேரம் ஆலையில் இருந்தார்! ஓவர்டைமுக்கு முன் அனுமதி இல்லாததால் அந்தக் கூடுதல் நேரத்தை ஒதுக்கிவிட்டு, ஒரு நாள் வருகை என்று போட்டுவிட்டது. 9ஆம் தேதி மட்டும் ஒற்றைப் பஞ்ச் என்று நின்றது. அதையும் சூப்பர்வைசர் சரிசெய்துவிட்டார். நாள் சம்பளம் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. இரவுப் படி மட்டும் ஓசையில்லாமல் போய்விட்டது.

இதைக் கண்டுபிடிக்கச் சம்பளச் சீட்டு போதாது. வருகைப் பதிவை வாங்கிப் பார்க்க வேண்டும். செயலியிலோ டைம் ஆபீஸிலோ கிடைக்கும். காலை ஆறரைக்கு வந்து இரவு பத்துக்குப் போனதாகத் தொடர்ந்து நாலைந்து நாள் இருந்தால், ஷிஃப்ட் தவறாகப் பதிவாகியிருக்கிறது என்று பொருள். வாரத்தின் முதல் நாளில் இரவுப் பஞ்ச் மட்டும், விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமையில் காலைப் பஞ்ச் மட்டும் தனியே நிற்பது அடுத்த அடையாளம்.

இவ்வளவும் தெரிந்தபின் எழுதும் கடிதம் இப்படி இருக்கும்:

"ஐயா, மார்ச் மாதச் சம்பளச் சீட்டில் (கணக்குக் காலம் பிப்ரவரி 21 – மார்ச் 20) எனக்கு ஆறு இரவுகளுக்கு 900 ரூபாய் இரவு ஷிஃப்ட் படி வந்துள்ளது. இது பிப்ரவரி 23 முதல் 28 வரைக்கானது. மார்ச் 9 முதல் 14 வரை ஆறு இரவுகள் பணிபுரிந்ததற்கான படி வரவில்லை. அந்த வாரம் சூப்பர்வைசர் ஒப்புதலுடன் சக தொழிலாளியுடன் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டேன். பட்டியலில் காலை ஷிஃப்ட் என்றே உள்ளது. பஞ்ச் விவரத்தையும் சூப்பர்வைசரின் குறிப்பையும் இணைத்துள்ளேன். ஷிஃப்ட் பதிவைத் திருத்தி, 900 ரூபாயை ஏப்ரல் சம்பளத்தில் அரியராகச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்."

கீழே பெயர், பணியாளர் எண், பிரிவு. கோபமோ கெஞ்சலோ தேவையில்லை. இந்தக் கடிதத்தைப் பேரோல்காரர் அப்படியே டைம் ஆபீஸுக்கு அனுப்பலாம், அங்கே ஆறு தேதிகளைத் திருத்தினால் வேலை முடிந்தது. சூப்பர்வைசருக்கும் ஒரு நகல் போவது நல்லது, ஏனென்றால் முதல் கேள்வி அவரிடம்தான் போகும். ஏப்ரல் 20க்குள் கடிதம் போய்ச் சேராவிட்டால், மே சம்பளம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

ஏப்ரல் சீட்டு வந்ததும் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மார்ச் 23 முதல் 28 வரையிலான ஆறு இரவுக்கு எப்படியும் 900 ரூபாய் வரும். அதையே அரியர் என்று நினைத்துத் திருப்திப்பட்டுவிடக் கூடாது. அரியர் தனி வரியாக வரவேண்டும். ஒரே வரியில் சேர்த்திருந்தால் ஏப்ரல் கணக்கின் மொத்த இரவுகளையும் எண்ணி அதோடு ஆறைக் கூட்டிப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ.யில் இருப்பவருக்கு இந்தத் தொகைக்கும் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், ஏறக்குறைய ஏழு ரூபாய். அதைத் தவறு என்று எண்ணி இன்னொரு புகார் எழுத வேண்டாம்.

பதிலே வராவிட்டால்? எழுதிய தேதியுள்ள கடிதமோ மின்னஞ்சலோ கையில் இருப்பது அப்போதுதான் உதவும். ஊதியம் தொடர்பான கோரிக்கைக்குப் பழைய 1936ஆம் ஆண்டுச் சட்டம் ஓராண்டுதான் அவகாசம் தந்தது. 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அதை மூன்று ஆண்டாக்கியிருக்கிறது. 900 ரூபாய்க்காக யாரும் உடனே அதிகாரியிடம் போவதில்லை. தொழிற்சங்கம் இருக்கும் இடத்தில் 12(3) ஒப்பந்தத்தின் பக்கத்தைக் காட்டிக் கேட்டாலே பெரும்பாலும் முடிந்துவிடும்.

இன்னொரு சிக்கல் வெளியே பேசப்படுவதில்லை. படியைப் பட்டியலைப் பார்த்தே போடும் ஆலைகளும் இருக்கின்றன. அங்கே இவருக்கு விடுபட்ட 900 ரூபாய், பகலில் வேலை பார்த்த நண்பரின் கணக்கில் போய் உட்கார்ந்திருக்கும். கடிதம் போனால் நண்பரிடமிருந்து பிடிப்பார்கள். அதனால் டீக்கடையில் வைத்துக் கையோடு கொடுத்து வாங்கித் தீர்த்துக்கொள்வது வழக்கம். பணம் கைமாறிவிடும், பதிவு மாறாது. அந்த வாரம் இரவு இரண்டு மணிக்கு மெஷினில் கை மாட்டியிருந்தால், விபத்து அறிக்கையில் அன்று வேலை தொடங்கிய நேரத்தைக் குறிப்பிட வேண்டும். கணினியோ அவர் காலை ஷிஃப்ட் என்று சொல்லும். எனவே கடிதம் அனுப்புவதற்கு முன் நண்பரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, இருவருமாகவே எழுதலாம். அப்படி வரும் கடிதத்தில் ஒருவர் பதிவைக் கூட்டி மற்றவர் பதிவைக் குறைப்பது டைம் ஆபீஸுக்கும் எளிது.